புதன் இரவு ஒன்பதரை மணி

தஞ்சாவூரில் ஒரு கருத்தரிப்பு மையம், வெள்ளிக்கிழமை காலை 9.30 மணிக்கு ஒரு பெண்ணுக்குக் கருமுட்டை எடுப்பதென்று முடிவு செய்கிறது. அந்த நிமிடமே இன்னொரு நேரமும் முடிவாகிவிடுகிறது: புதன்கிழமை இரவு 9.30. அப்போது அவருக்கு ஓர் ஊசி விழுந்தாக வேண்டும். டாக்டர்கள் அதை டிரிக்கர் ஊசி என்பார்கள். சிகிச்சைக்கு வரும் பெண்கள் பெரும்பாலும் ‘முட்டை வெடிக்கிற ஊசி’ என்பார்கள். அதற்கு முன் பத்து நாளாகத் தினமும் போட்டுவந்த ஊசிகளில் ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆகியிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் மருந்துச் சீட்டில் நேரத்தை எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டு, நர்ஸ் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லி அனுப்புகிறார்.

இந்த 36 மணி நேரக் கணக்கைப் புரிந்துகொள்ள ஒருவரை மனதில் நிறுத்திக்கொள்வோம். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமம், 31 வயது, கல்யாணமாகி ஏழு வருடம். புதன் காலை ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளிலும் சேர்த்து 11 முட்டைப்பைகள் தெரிகின்றன. அவற்றில் பெரிய மூன்று 18 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டன. பொதுவாக இரண்டு மூன்று பைகள் 17, 18 மில்லிமீட்டர் வந்துவிட்டால் டிரிக்கருக்கு நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். பை பெரிதாகிவிட்டது. ஆனால் உள்ளே இருக்கும் முட்டை இன்னும் பழுக்கவில்லை. அன்று காலையே எடுத்திருந்தால் அதில் எந்த விந்தணுவாலும் கரு உண்டாக்க முடியாது.

ஒரு பெண்ணின் கருமுட்டைகள் எல்லாம் அவர் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. அப்போதே அவை தம் குரோமோசோம்களைப் பாதியாக்கும் பிரிவைத் தொடங்கி, நடுவழியில் நின்றுவிடுகின்றன. நம் கிராமத்துப் பெண்ணின் முட்டைகள் 31 வருடத்துக்கு மேலாக அப்படியே நிற்கின்றன. முட்டையின் உட்கரு ஓர் உறைக்குள் முழுதாக மூடியிருக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் அது வட்டமாகத் தெரியும். அந்தக் கட்டத்தை ஆய்வகத்தில் ‘ஜி.வி.’ என்று குறிப்பார்கள்.

முட்டை தானாக நின்றுவிடவில்லை. சுற்றியுள்ள செல்கள் அதை நிறுத்தி வைத்திருக்கின்றன. பையின் சுவரில் உள்ள செல்கள் ஒரு தடுப்புப் பொருளை மிக நுண்ணிய இணைப்புகள் வழியாக இடைவிடாமல் முட்டைக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அது உள்ளே வந்துகொண்டிருக்கும் வரை பிரிவு நகராது. இயல்பான மாதவிடாய்ச் சுழற்சியில், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஒரு நாள் எல்.எச். என்ற ஹார்மோனைப் பெருக்கெடுத்து விடுகிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் பைச்சுவரின் செல்களில் இருக்கின்றன, முட்டையில் இல்லை. எல்.எச். வந்ததும் சுவர்ச் செல்கள் வேறு சில பொருள்களைச் சுரந்து உள்ளே இருக்கும் செல்களுக்குச் செய்தி சொல்கின்றன. தடுப்புப் பொருளின் வரத்து நிற்கிறது. முட்டைக்குள் இருக்கும் கையிருப்பும் கரைகிறது. அதன் பிறகுதான் உட்கருவின் உறை கலைந்து, பல வருடங்களாக நின்ற பிரிவு மறுபடி நகரத் தொடங்குகிறது.

டிரிக்கர் ஊசி இந்த எல்.எச். பெருக்கின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. வழக்கமான மருந்து எச்.சி.ஜி. கர்ப்பத்தில் சுரக்கும் இந்த ஹார்மோன் வடிவத்தில் எல்.எச். போலவே இருப்பதால் அதே ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். தூளாக வரும் குப்பியில் 5,000 அல்லது 10,000 யூனிட். பேனா வடிவில் வருவது 250 மைக்ரோகிராம்.

செய்தி கிடைத்தவுடன் முட்டை தயாராகிவிடுவதில்லை. உறை கலைய வேண்டும். குரோமோசோம்கள் வரிசையில் நிற்க வேண்டும். பாதி குரோமோசோம்கள் ‘துருவ உடல்’ எனும் சின்னக் குமிழாக முட்டைக்கு வெளியே தள்ளப்பட வேண்டும். அதன் பின் முட்டை இரண்டாவது முறை நிற்கும். விந்தணு நுழைவதற்குத் தகுதியான கட்டம் அதுதான். ஆய்வகத்தில் அதற்குப் பெயர் ‘எம் 2’. இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்?

இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் தவறான பதில்தான் இருந்தது. அமெரிக்காவில் கிரிகரி பின்கஸ் 1930-களில் முயல் முட்டைகளைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்தால் அவை தாமாகவே பழுக்கத் தொடங்குவதைக் காட்டினார். தடுக்கும் செல்களிடமிருந்து பிரித்துவிட்டதால் அப்படி நடக்கிறது என்பது இன்று தெரியும். அவரே மனித முட்டைக்கும் ஏறக்குறைய 12 மணி நேரம் போதும் என்று எழுதினார். பின்கஸ் பெரிய பெயர், யாரும் சந்தேகப்படவில்லை.

1960 வாக்கில் லண்டனில் ராபர்ட் எட்வர்ட்ஸ் அதைத் திரும்பச் செய்து பார்த்தார். எட்ஜ்வேர் மருத்துவமனையில் மோலி ரோஸ் என்ற மகப்பேறு மருத்துவர், அறுவை சிகிச்சையில் எடுக்க நேர்ந்த சினைப்பைத் துண்டுகளை அவருக்குக் கொடுத்துவந்தார். ஒவ்வொரு துண்டிலும் கிடைக்கும் முட்டைகள் கொஞ்சம்தான். 12 மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஊட்டத் திரவத்தை மாற்றினார், ஹார்மோன் சேர்த்தார். அப்போதும் உட்கரு அப்படியே இருந்தது. கடைசியில், கோளாறு திரவத்திலா அல்லது கடிகாரத்திலா என்று சந்தேகம் வந்து, வெறுமனே இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். ஏறத்தாழ 25 மணி நேரத்தில் உறை கலைந்தது. 36 மணி நேரம் கடந்தபோது எம் 2 முட்டைகள் கிடைத்தன. 1965-இல் ‘லான்செட்’ இதழில் இந்த முடிவு வெளியானது. சோதனைக்குழாய்க் குழந்தை பற்றிய பேச்சில் 1978-ஐத்தான் எல்லோரும் சொல்கிறோம். என் கணிப்பில் அதன் அஸ்திவாரம் இந்த 1965-தான். முட்டையை எந்த மணிக்கு எடுக்க வேண்டும் என்று தெரியாமல் யாரும் எந்த முட்டையையும் எடுத்திருக்க முடியாது.

பெண்ணின் உடலுக்குள்ளேயும் கணக்கு ஏறக்குறைய அதேதான். எல்.எச். பெருக்கு தொடங்கி 28 மணி நேரம் வாக்கில் முதல் முட்டைகள் எம் 2 கட்டத்தை எட்டத் தொடங்குகின்றன. 36 மணி நேரத்தில் பெரும்பாலானவை எட்டிவிடுகின்றன. அப்படியானால் பத்திரமாக 45 மணி நேரம் விட்டு எடுக்கலாமே என்று தோன்றும். விட முடியாது. அதே ஊசி இன்னொரு வேலையையும் தொடங்கி வைக்கிறது. பைச்சுவரின் ஒரு முனை மெலிந்து, புரதத்தைக் கரைக்கும் நொதிகள் அதை அரித்து, கடைசியில் சுவர் கிழிந்து முட்டை வெளியேறுகிறது. இயல்பான சுழற்சியில் இது எல்.எச். பெருக்கு தொடங்கி 34 முதல் 36 மணி நேரத்தில் நடக்கும், எச்.சி.ஜி. போட்ட பிறகு 36-லிருந்து 40 மணி நேரத்துக்குள். வெடித்துவிட்ட பையில் ஊசியை விட்டு உறிஞ்சினால் முட்டை வராது. அது வயிற்றறைக்குள்ளோ கருக்குழாய்க்குள்ளோ போயிருக்கும். தேடி எடுக்க முடியாது.

டெல்டாக்காரர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கக் கூடியதுதான். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் மதகைத் திறந்தால் கல்லணையில் தண்ணீர் திறக்க மூன்று நான்கு நாள் ஆகும். நாற்றங்காலுக்கு உழுது வைப்பவர் மேட்டூர் தேதியிலிருந்துதான் எண்ணுவார். முட்டையின் விஷயத்திலும் எண்ணிக்கை ஊசி விழுந்த நிமிடத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஒரே மதகிலிருந்து இரண்டு ஓட்டங்கள் கிளம்புகின்றன: ஒன்று முட்டையைப் பழுக்க வைப்பது, மற்றது பையை வெடிக்க வைப்பது. முதலாவது முடிந்து, இரண்டாவது முடிவதற்குள் டாக்டர் உள்ளே போக வேண்டும். அந்த இடைவெளி சில மணி நேரம்தான்.

ஊசி இல்லாமல் இந்த இடைவெளியைப் பிடிக்க எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை ஓல்டாமில் பார்க்கலாம். எட்வர்ட்ஸும் பாட்ரிக் ஸ்டெப்டோவும் ஜீன் பர்டியும் முதலில் ஊசிகள் போட்டுத்தான் முட்டை எடுத்தார்கள். கரு தங்கவில்லை. ஊசிகளே பின்பாதிச் சுழற்சியைக் கெடுக்கின்றனவோ என்று சந்தேகப்பட்டு, 1977-இல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இயல்பான சுழற்சிக்குப் போனார்கள். எல்.எச். பெருக்கு எப்போது தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பெண்களை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீரைச் சோதித்தார்கள். பெருக்கு தெரிந்ததும் மணியை எண்ணத் தொடங்கினார்கள். கணக்கு நள்ளிரவில் முடிந்தால் அறுவை அரங்கும் நள்ளிரவில் திறக்கும். லெஸ்லி பிரவுனிடமிருந்து 1977 நவம்பர் 10 அன்று எடுத்த ஒற்றை முட்டைதான் 1978 ஜூலை 25-இல் பிறந்த லூயிஸ். அதே வருடம் அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் துர்கா பிறந்தபோது, அவர் சினைப்பையை ஹார்மோன் ஊசிகளால் தூண்டும் வழியில் போயிருந்தார். அன்று அவரை அரசுக் குழு நம்பவில்லை. உலகம் பின்னர் போன வழி அதுதான். ஊசி மறுபடி வந்ததும் மணியை டாக்டர் தீர்மானிக்க முடிந்தது. முட்டை எடுப்பது பகல் வேலையானது. இரவுக் கண்விழிப்பு ஊசி போடுபவரின் வீட்டுக்குப் போனது.

நம் பட்டுக்கோட்டைப் பெண்ணிடம் திரும்புவோம். வெள்ளிக்கிழமை அந்த மையத்தில் நான்கு பேருக்கு முட்டை எடுக்க வேண்டும். ஒருவருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கலாம். முதல் பெண் காலை 8.00, இரண்டாவது 8.45, இவருக்கு 9.30, கடைசி ஆள் 10.15. ஆகவே ஊசி நேரங்களும் புதன் இரவு 8.00, 8.45, 9.30, 10.15 என்று படிப்படியாகப் போகின்றன. சிகிச்சைக்கு வந்த இருவர் ஒருவருக்கொருவர் பேசி, ‘உனக்கு ஒன்பதரையாமே, சேர்ந்தே போட்டுக்கொள்வோம்’ என்று நேரத்தை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான்.

அவர் ஊரில் இரவில் ஊசி போடத் தெரிந்தவர் ஒரு ஓய்வுபெற்ற நர்ஸம்மாதான். புதன்கிழமை அவர் பக்கத்து ஊர்ச் சாவுக்குப் போய்விட்டுத் திரும்ப இரவு 11.30 ஆகிவிட்டது. ஊசி விழுந்தது 11.30-க்கு. மாமியார், “ரெண்டு மணி நேரம்தானே, சொன்னா திட்டுவாங்க, ஒன்பதரைன்னே சொல்லிடு” என்கிறார். இந்த இடத்தில் அவர் உண்மையைச் சொல்லிவிட்டால் எந்த நஷ்டமும் இல்லை. மையம் அவரைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளி 11.30-க்கு எடுத்துவிடும், 36 மணி நேரம் அப்படியே இருக்கும். மறைத்தால் 9.30-க்கு எடுக்கும்போது 34 மணி நேரம்தான் ஆகியிருக்கும். அப்போதும் முட்டையே கிடைக்காது என்றில்லை. ஆனால் முட்டையைச் சுற்றியுள்ள செல்கூட்டம் போதுமான அளவு தளராமல் சுவரோடு ஒட்டியிருக்கும். சில பைகளில் நீர் மட்டும் வரும். வந்தவற்றிலும் பழுக்காதவை அதிகமாக இருக்கும். ஆய்வகத்தில் செல்களை நீக்கிவிட்டுப் பார்க்கும்போது துருவ உடல் இல்லாத முட்டைகள் வரிசையாகத் தெரிந்தால், ஊசி நேரத்தைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். சில எம் 1 முட்டைகள் இன்குபேட்டரில் சில மணி நேரத்தில் பழுத்துவிடும். ஜி.வி. கட்டத்தில் வந்தவை பெரும்பாலும் வீண்.

இரண்டு மணி நேரத்தை விட மோசமான தவறு ஒன்று உண்டு. அது கடிகாரத்தில் அல்ல, கிழமையில் வருகிறது. ஒருவருக்கு மதியம் 12.30-க்கு முட்டை எடுக்க வேண்டுமென்றால் ஊசி நேரம் நள்ளிரவு 12.30. ஆஸ்பத்திரிக் கணக்கில் அது வியாழக்கிழமை. நம் வீடுகளில் பொழுது விடிந்தால்தான் மறுநாள், இரவு 12.30 என்பது இன்னமும் புதன் ராத்திரிதான். ‘வியாழன் இரவு 12.30’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், வீட்டார் வியாழன் பகலெல்லாம் கழிந்த பிறகு வரும் இரவுக்குக் காத்திருப்பார்கள். ஊசி 24 மணி நேரம் தள்ளிப்போகும். வெள்ளி மதியம் அவர் அறுவை மேசையில் படுக்கும்போது ஆகியிருப்பது 12 மணி நேரம்தான். அதனால் விவரம் தெரிந்த மையங்களில் நள்ளிரவைத் தாண்டிய நேரத்தையே தவிர்த்து 11.45-க்குள் முடிப்பார்கள், முடியாதபோது ‘புதன்கிழமை சாப்பிட்டுப் படுத்தபின் வரும் 12.30’ என்று விரித்து எழுதுவார்கள். அப்படி எழுதுவதற்கு இரண்டு சொல்தான் அதிகம்.

மூன்றாவது தவறு குப்பியில். தூள் ஒரு குப்பியிலும் அதைக் கரைக்கும் திரவம் இன்னொன்றிலும் வரும். திரவத்தைத் தூளில் விட்டுக் கரைத்து, பிறகு உறிஞ்ச வேண்டும். அவசரத்தில் திரவத்தை மட்டும் போட்டுவிட்டு, தூள் குப்பியை அப்படியே வைத்துவிட்டவர்கள் உண்டு. இரண்டு தூள் குப்பி போட வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் கரைத்தவர்களும் உண்டு. திரவத்தை மட்டும் போட்டுக்கொண்டவருக்கு ஊசி நேரத்துக்கு விழுந்தும் உள்ளே எதுவும் தொடங்கியிருக்காது. முட்டை எடுக்கும் அன்று பைக்குப் பை நீர் மட்டும் வரும். 1980-களிலிருந்தே ‘வெற்றுப் பை’ என்று மருத்துவ நூல்களில் பேசப்படும் இந்த நிலையில் கணிசமானவை, பை வெறுமையாக இருந்ததால் அல்ல, மருந்து உடலுக்குள் போய்ச் சேராததால் வந்தவை.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டை தேடுவது எச்.சி.ஜி.-யைத்தான். புதன் இரவு ஊசி சரியாக விழுந்திருந்தால் வியாழன் காலை அந்த அட்டையில் இரண்டு கோடு தெரியும். அது கர்ப்பம் இல்லை. மருந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது என்பதற்கான அத்தாட்சி. ஒரு கோடுதான் என்றால் அப்போதே மையத்தைக் கூப்பிட வேண்டும். இன்னும் ஒரு நாள் கையில் இருக்கிறது. ரத்தத்தில் அளந்து பார்த்து மறுபடி ஊசி போட்டு, முட்டை எடுப்பதை ஒத்திவைக்க முடியும். மேசையில் படுத்த பிறகு தெரிந்தாலும் எல்லாம் போய்விடவில்லை. ஒரு சினைப்பையில் சில பைகளைப் பார்த்து முட்டை வராவிட்டால், டாக்டர் அங்கேயே நிறுத்திவிட்டு, இன்னொரு சினைப்பையைத் தொடாமல் வைத்து, வேறு தொகுப்பைச் சேர்ந்த புது மருந்து போட்டு 36 மணி நேரம் கழித்து எடுப்பதுண்டு.

முட்டைப்பைகள் மிக அதிகமாக வளர்ந்த பெண்களுக்கு எச்.சி.ஜி. கொடுக்கத் தயங்குவார்கள். அது ரத்தத்தில் பல நாள் தங்கி சினைப்பைகளை வீங்கவைத்து வயிற்றில் நீர் கோக்கச் செய்யக்கூடும். அவர்களுக்கு ட்ரிப்டோரெலின் போன்ற மருந்தைப் போட்டு, அவர்களுடைய பிட்யூட்டரியே எல்.எச்.-ஐ வெளியிடுமாறு செய்வார்கள். அதற்கும் 36 மணி நேரம்தான் கணக்கு. ஆனால் அவர்கள் அட்டையில் பார்த்தால் ஒரு கோடுதான் வரும். அதற்காகப் பதறக் கூடாது. அவர்களுக்கு மறுநாள் காலை ரத்தத்தில் எல்.எச். ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

இவ்வளவு சொன்ன பிறகு, 36 என்ற எண்ணில் மந்திரம் ஏதும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 35 முதல் 37 வரை எடுப்பது வழக்கம். 38 வரை போகிறவர்களும் உண்டு. 36 மணி நேரத்துக்குள் எடுத்ததையும் அதைத் தாண்டி எடுத்ததையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தாண்டி எடுத்தவற்றில் பழுத்த முட்டைகள் அதிகம் இருந்தன. கர்ப்பம் தங்குவதில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. பட்டியல் நெரிசலில் ஒருவருக்கு அரை மணி நேரம் தாமதமானால் கண்கலங்க வேண்டியதில்லை.

ஐ.யு.ஐ. செய்துகொள்பவர்களுக்கு இன்னும் தாராளம். அங்கே யாரும் முட்டையை எடுப்பதில்லை. அது வெடித்து, தானே கருக்குழாய்க்கு வரும். விந்தணுக்கள் அங்கே போய்க் காத்திருந்தால் போதும். விந்தணு ஓரிரு நாள் உயிரோடு இருக்கும். முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே முன்னதாகப் போவது பரவாயில்லை, பின்தங்குவதுதான் ஆபத்து. ஊசிக்குப் பின் 24 மணி நேரத்தில் செய்தாலும் 36-இல் செய்தாலும் ஏறக்குறைய ஒரே பலன்தான் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தஞ்சாவூர் வரும் பஸ் தாமதமாகி ஒரு மணி நேரம் தவறிவிட்டால் அந்த மாதமே போய்விட்டது என்று யாரும் திரும்பிப்போக வேண்டாம்.

ஐ.யு.ஐ.-இல் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் வேறொன்று. ஐ.வி.எஃப். சிகிச்சையில் பெண்ணின் சொந்த எல்.எச். பெருக்கெடுக்காமல் இருக்கத் தனி ஊசி போட்டுத் தடுத்து வைத்திருப்பார்கள், ஐ.யு.ஐ.-இல் பெரும்பாலும் அது கிடையாது. திங்கள் இரவு ஊசி போடச் சொல்லியிருக்கும்போது, பெண்ணின் உடல் திங்கள் விடியற்காலையே தன் பெருக்கைத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் கணக்கு ஊசியிலிருந்து அல்ல, அந்த விடியற்காலையிலிருந்து ஓடுகிறது. ஊசியை நம்பிப் புதன் காலை வரச் சொன்னால், செவ்வாய் மாலையே முட்டை வெளியேறியிருக்கும். திங்கள் ஸ்கேன் செய்யும்போதே சிறுநீரிலோ ரத்தத்திலோ எல்.எச். பார்த்து, அது ஏறியிருந்தால் ஐ.யு.ஐ.-ஐச் செவ்வாய்க்கிழமைக்கு முன்னே கொண்டுவந்துவிடுவார்கள்.